துபாயில் இருக்கும் அண்ணனிடம் பவர் பத்திரத்தில் கையெழுத்து வாங்க: நாள், இடம், எண்ணிக்கை

ஊரில் அப்பா பெயரில் இருந்த வீடு. வாரிசு மூன்று பேர். இரண்டு பேர் இங்கே, ஒருவர் துபாயில். வாங்க ஆள் வந்தாயிற்று, விலையும் பேசியாயிற்று. துபாயில் இருப்பவரால் பதிவு நாளன்று வர முடியாது. "பவர் அனுப்பிவிடுகிறேன்" என்கிறார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஓடிவிடுகிறது.

பெரும்பாலும் இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. எங்கே போகவேண்டும், யாரைக் கூட்டிப் போகவேண்டும், எந்தப் பக்கத்தில் எத்தனை கையெழுத்து, எந்தத் தேதிக்குள் என்று அவருக்கு யாரும் தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். "அண்ணே, கொஞ்சம் சீக்கிரம் போட்டு அனுப்புங்க" என்ற செய்திதான் பத்து முறை போயிருக்கும். ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்து, 8 பக்க பி.டி.எஃப்பைத் திறந்து பார்த்து, புரியாமல், லீவு நாளில் பார்க்கலாம் என்று மூடிவைத்துவிடுவார்.

இந்தக் கட்டுரை, இங்கே ஊரில் இருந்துகொண்டு அந்தக் கையெழுத்தை வாங்கவேண்டியவருக்கு. எடுத்துக்காட்டு ஐக்கிய அரபு அமீரகம். வேறு நாடானால் படி 3-இல் மட்டும் வேறுபாடு வரும், மற்றவை அப்படியே பொருந்தும்.

1. முதலில் கடைசி நாளை எழுதுங்கள், அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

"சீக்கிரம்" என்பது தேதி ஆகாது. குடும்பத்துக்கு வெளியே இருந்து வரும் ஒரு தேதியைப் பிடியுங்கள். வாங்குபவருடைய வங்கிக் கடன் ஒப்புதல் எதுவரை செல்லும் என்று கேளுங்கள். அதுதான் வசதியான தேதி, ஏனென்றால் அதை நீங்கள் இஷ்டத்துக்கு வைத்ததாக அண்ணன் நினைக்க மாட்டார்.

கடன் ஒப்புதல் நவம்பர் 30 வரை என்று வைத்துக்கொள்வோம். பதிவை 30-ஆம் தேதிக்கு வைக்காதீர்கள். சர்வர் படுத்தால், டோக்கன் கிடைக்காமல் போனால், மறு வாய்ப்பு இருக்காது. நவம்பர் 20-க்கு வையுங்கள். அங்கிருந்து பின்னால் வந்தால்:

- பவர் கொடுத்தவர் உயிருடன் இருப்பதற்கான சான்று ஊருக்கு வந்து சேர: நவம்பர் 13
- அந்தச் சான்றை அங்கே வாங்க: நவம்பர் 2 அல்லது 3
- மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பவரை முத்திரைக்குக் கொடுக்க: அக்டோபர் 15-க்குள்
- கூரியர் ஊருக்கு வர: அக்டோபர் 8
- துணைத் தூதரகச் சேவை மையத்தில் கையெழுத்து: செப்டம்பர் 24. தவறினால் அக்டோபர் 1
- பவர் வாசகம் முடிவாகி அச்செடுக்க: செப்டம்பர் 17
- பெயர், சர்வே எண் சரிபார்க்க: செப்டம்பர் 10

மாற்று நாளை அக்டோபர் 2-க்கு வைக்கக்கூடாது. காந்தி ஜெயந்திக்கு இந்தியத் தூதரகங்கள் மூடியிருக்கும். இந்திய விடுமுறை, அமீரக விடுமுறை இரண்டையும் காலண்டரில் பார்க்காமல் நாள் குறிப்பது நிறையப் பேர் செய்யும் தவறு. தீபாவளி வாரத்தில் இங்கே எந்த அலுவலகத்திலும் காகிதம் நகராது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

நவம்பர் 20-இல் முடியவேண்டிய வேலைக்கு அண்ணன் செப்டம்பர் 24-இல் கையெழுத்துப் போடவேண்டும். இந்த இரண்டு மாத இடைவெளி அவருக்குத் தெரியாது. பதிவுக்கு முந்தைய வாரம் அனுப்பினால் போதும் என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார். எனவே மேலே உள்ள பட்டியலை அவருக்கும் ஒருமுறை அனுப்பிவிடுங்கள். அதற்குப் பிறகு அவரிடம் பேசும்போதெல்லாம் செப்டம்பர் 24 என்ற ஒரு தேதியை மட்டும் சொல்லுங்கள். ஏழு தேதியையும் அடிக்கடி சொன்னால் ஒன்றும் நினைவில் நிற்காது.

2. பவர் வாசகத்தை அவர் பயமில்லாமல் கையெழுத்துப் போடும்படி எழுதவையுங்கள்

பொதுப் பவர் வேண்டாம். இந்த ஒரு வீட்டை விற்கவும், பதிவுக்கு ஆஜராகவும் மட்டுமான தனிப் பவர் போதும். இது சட்ட நுணுக்கத்துக்காக மட்டும் சொல்வதில்லை. "அனைத்துச் சொத்துகளையும் விற்க, அடமானம் வைக்க, தானம் செய்ய" என்று டாகுமென்ட் ரைட்டர் பழைய வாசகத்தை அப்படியே இறக்கி வைத்திருப்பார். அதைப் படிக்கும் அண்ணி சும்மா இருப்பாரா? அங்கே கையெழுத்து நின்றுவிடும். காரணத்தை உங்களிடம் சொல்லவும் மாட்டார்கள்.

மூன்று விஷயங்களை வாசகத்திலேயே சேருங்கள். சொத்தின் சர்வே எண், அளவு, நான்கு எல்லை. எந்த விலைக்குக் குறையாமல் விற்கலாம் என்ற தொகை. அவருடைய பங்குப் பணம் நேராக அவருடைய என்.ஆர்.ஓ. கணக்கில், அதாவது வெளிநாட்டில் இருப்பவர் இந்திய வங்கியில் வைத்திருக்கும் கணக்கில்தான் போகவேண்டும் என்ற வரி. கடைசி வரியைப் பார்த்ததும் பலருடைய தயக்கம் போய்விடும்.

அடுத்தது பெயர். பட்டாவிலும் வாரிசுச் சான்றிலும் முதலெழுத்தோடு பெயர் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால் குடும்பப் பெயராக ஏறியிருக்கும். தூதரகத்தில் பாஸ்போர்ட்டைப் பார்ப்பார்கள், சார்பதிவாளர் வாரிசுச் சான்றைப் பார்ப்பார். இரண்டையும் வாசகத்தில் எழுதி, "என்றும் அழைக்கப்படும்" என்று இணைத்துவிடுங்கள். பாஸ்போர்ட் எண், வெளிநாட்டு முகவரி, ஊர் முகவரி மூன்றும் வரட்டும். பாஸ்போர்ட் முதல் பக்கத்தின் படத்தை வாங்கி, எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். போனில் கேட்டு எழுதாதீர்கள்.

வாசகம் எந்த மொழியில்? தூதரகத்துக்கு ஆங்கிலம்தான் சுலபம் என்பதால் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். தமிழில் வேண்டுமென்றால் சேவை மையத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வரைவு தயாரானதும் அதை எடுத்துக்கொண்டு, பதிவு நடக்கவிருக்கும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு நடை போய்க் காட்டிவிடுங்கள். "இப்படி வந்தால் ஏற்றுக்கொள்வீர்களா? உயிருடன் இருப்பதற்கான சான்று எந்தப் படிவத்தில், யார் கொடுத்தது வேண்டும்?" என்று கேளுங்கள். இந்த ஒரு நடைக்குச் சோம்பல்பட்டால், துபாயில் இருப்பவர் இரண்டாவது முறை லீவு போடவேண்டிவரும்.

3. எங்கே, யார் முன்னிலையில்: இதில் குழப்பமே இருக்கக்கூடாது

இந்தியாவுக்கு வெளியே இருப்பவர் கொடுக்கும் பவர், பதிவு அலுவலகத்தில் செல்லவேண்டுமானால், அது நோட்டரி, நீதிமன்றம், நீதிபதி, மாஜிஸ்திரேட், இந்தியத் தூதரக அதிகாரி அல்லது மத்திய அரசின் பிரதிநிதி ஒருவர் முன்னிலையில் கையெழுத்தாகி, அவரால் சான்றளிக்கப்பட்டிருக்க வேண்டும். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 33-ஆவது பிரிவு இது. துபாயில் இருப்பவருக்கு இந்தியத் துணைத் தூதரக வழிதான் நேரானது. மனுவை வாங்குவது அதன் சேவை மையம். மையம் நடத்தும் நிறுவனமும் முகவரியும் மாறக்கூடியவை. எனவே போவதற்கு முந்தைய வாரம் துணைத் தூதரகத்தின் இணையதளத்தில் பார்த்து, அன்றைய முகவரியையே அனுப்புங்கள். நண்பர் இரண்டு வருடத்துக்கு முன் போன இடத்தை நம்பாதீர்கள்.

அவருக்கு அழுத்திச் சொல்லவேண்டிய முதல் விஷயம்: வீட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துப்போகக் கூடாது. அதிகாரியின் முன்னால்தான் போடவேண்டும். நல்ல மனதோடு முந்தைய இரவே எல்லாப் பக்கத்திலும் போட்டுவிட்டுப் போய், அங்கே திருப்பி அனுப்பப்பட்டு, அச்செடுக்க டைப்பிங் கடை தேடி அலைபவர்கள் உண்டு.

இரண்டாவது, சாட்சிகள். இரண்டு பேர் வேண்டும். அவர்கள் நேரில் வரவேண்டுமா, அசல் பாஸ்போர்ட் கொண்டுவரவேண்டுமா, எமிரேட்ஸ் அட்டை போதுமா என்பதை மையத்தில் உறுதிசெய்யுங்கள். நேரில் வரவேண்டும் என்று வைத்தே திட்டமிடுவது பாதுகாப்பு. இந்த வேலையில் நிஜமாகத் தாமதமாகும் இடம் இதுதான். அண்ணன் ஒருவர் லீவு எடுப்பது பெரிதில்லை, மூன்று பேர் ஒரே வேலைநாளில் லீவு எடுக்கவேண்டும். எனவே அப்பாயின்ட்மென்ட் எடுப்பதற்கு முன்பே சாட்சி யார் யார் என்று பெயரோடு கேட்டுவிடுங்கள். பவரை வாங்கி அண்ணன் சார்பில் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போகும் ஏஜென்டைச் சாட்சியாகப் போடக்கூடாது.

மூன்றாவது, காகிதம். முத்திரைத்தாள் தேவையில்லை. சாதாரண ஏ4 தாளில் ஒருபக்கமாக அச்செடுத்தால் போதும், முத்திரைத் தீர்வை இங்கே வந்தபின் கட்டுவது. "ஊரிலிருந்து முத்திரைத்தாள் வாங்கி அனுப்பு" என்று அங்கே யாராவது சொல்லியிருப்பார்கள். அதற்காக இரண்டு வாரம் வீணாக்க வேண்டாம்.

ஸ்கேன் செய்து அனுப்புவது, போனில் ஓ.டி.பி. வைத்து மின்கையெழுத்துப் போடுவது இதற்குச் செல்லாது. 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இதுபோன்ற குடும்பப் பவர் பத்திரங்களை மின்கையெழுத்துக்கு வெளியேதான் வைத்திருக்கிறது. அசல் தாள்தான் வரவேண்டும்.

4. மாதிரிப் பிரதி: எங்கே கையெழுத்து என்று விரலால் காட்டுவது போல

இரண்டு கோப்பு அனுப்புங்கள். ஒன்று "அசல்", எந்தக் குறியும் இல்லாதது, அச்செடுக்க. இன்னொன்று "மாதிரி", பார்க்க மட்டும்.

மாதிரியை இப்படிச் செய்யுங்கள். அசலை அச்செடுத்து, கையெழுத்து வரவேண்டிய ஒவ்வொரு இடத்திலும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, 1, 2, 3 என்று எண் போடுங்கள். பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். 5 பக்கப் பவர் என்றால் கணக்கு இப்படி வரும்: ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒன்று, ஆக 5. கடைசிப் பக்கத்தில் பெயருக்கு மேல் முழுக் கையெழுத்து 1. ஒட்டிய புகைப்படத்தின் மேல் பாதி, தாளின் மேல் பாதி விழும்படி 1. மொத்தம் 7. புகைப்படத்தின் மேல் கையெழுத்தா, வெறும் முத்திரையா என்பது அதிகாரி சொல்வதைப் பொறுத்தது, அதையும் அந்த வட்டத்தருகே எழுதிவிடுங்கள்.

"மொத்தம் 7" என்ற எண்ணை மாதிரியின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன் ஏழு இருக்கிறதா என்று எண்ணிப்பார்ப்பது யாராலும் முடியும். "எல்லா இடத்திலும் போட்டுடுங்க" என்று சொன்னால் நான்காம் பக்கம் விட்டுப்போகும். அதில்தான் சொத்து விவரம் இருக்கும்.

ஏஜென்ட் கையெழுத்துக்கென்று ஒரு இடம் விட்டிருப்பார்கள். அதில் அண்ணன் போட்டுவிடும் ஆபத்து அதிகம், அருகருகே இருப்பதால். மாதிரியில் அந்த இடத்தில் பெரிய பெருக்கல் குறி போட்டு "இங்கே நீங்கள் போடவேண்டாம்" என்று எழுதுங்கள். சாட்சி போடும் இடங்களுக்கு நீலப் பேனாவால் வட்டம்.

அசலில் மட்டும் வண்ணப் பேனாவோ ஒட்டுச்சீட்டோ கூடாது. வெற்றிடமும் கூடாது. "தேதி ........" என்று புள்ளி வைத்த இடத்தை அவர் கையால் நிரப்பவேண்டுமென்றால், அதற்கும் மாதிரியில் ஒரு எண் கொடுங்கள்.

5. அனுப்பவேண்டிய செய்தி

இதை வாட்ஸ்அப்பில் தனியாக அவருக்கு அனுப்புங்கள். குடும்பக் குழுவில் போட்டால் மாமா, சித்தி எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொல்லி, தேதி மேலே போய்விடும். துபாய் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். அவர் வேலை முடிந்து சாப்பிட்டு உட்காரும் நேரத்தைப் பார்த்து அனுப்புங்கள். மதுரைப் பக்கத்துத் தங்கை ஒருவர் அனுப்புவதாக வைத்துக்கொண்டால்:

> அண்ணே, பவர்ல கையெழுத்து செப்டம்பர் 24, வியாழக்கிழமைக்குள்ள போட்டாகணும். தவறினா அக்டோபர் 1 ஒரு நாள்தான் மிச்சம். வாங்குறவங்க பேங்க் லோன் நவம்பர் 30-ஓட முடியுது, நடுவுல இங்க முத்திரை வாங்க மூணு வாரம் ஆகும், அதான்.
>
> நீங்க செய்ய வேண்டியது மூணு:
> 1. சாட்சிக்கு ரெண்டு பேர் யாருன்னு எனக்கு ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க.
> 2. அப்பாயின்ட்மென்ட் போடுங்க. மையத்தோட முகவரி, லிங்க் கீழ இருக்கு.
> 3. "அசல்"ங்கிற ஃபைலை ஒரு பக்கமா பிரின்ட் எடுத்து, கையெழுத்துப் போடாம கொண்டு போங்க. அங்கதான் போடணும். மொத்தம் 7 இடம், "மாதிரி"ல வட்டம் போட்டிருக்கேன்.
>
> கொண்டு போக: உங்க அசல் பாஸ்போர்ட், விசா நகல், எமிரேட்ஸ் அட்டை, போட்டோ 4, சாட்சிங்க அசல் பாஸ்போர்ட்.
>
> பணம் எவ்வளவு ஆகும்னு சொல்லுங்க, பொதுச் செலவுல போட்டுக்கலாம். இப்போதைக்கு சாட்சி பேர் மட்டும் அனுப்பினா போதும்ணே.

முதல் வரியிலேயே தேதி வந்துவிட்டது, அடுத்த வரியில் அதற்குக் காரணம். கடைசி வரி மிகச் சிறிய வேலை ஒன்றை மட்டும் கேட்கிறது. இரண்டு பெயரை டைப் செய்ய அரை நிமிடம். அந்தப் பெயர்கள் வந்துவிட்டால் வேலை தொடங்கிவிட்டது என்று பொருள். நலம் விசாரிப்பு, பிள்ளைகள் படிப்பு எல்லாம் வேறு செய்தியில் போகட்டும். இதில் கலந்தால் அதற்கு மட்டும் பதில் வரும்.

6. நினைவூட்டல்: அதே செய்தியைத் திரும்ப அனுப்பாதீர்கள்

"என்னாச்சுண்ணே?" என்பதற்கு "பாக்குறேன்" என்றுதான் பதில் வரும். ஒவ்வொரு முறையும் அடுத்த சிறு வேலையைக் கேளுங்கள்.

மூன்றாம் நாள்: "சாட்சி ரெண்டு பேர் பாஸ்போர்ட் முன்பக்கம் அனுப்புங்க, பேரை வாசகத்துல ஏத்தணும்." ஏழாம் நாள்: "எந்தத் தேதிக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைச்சுது? ஸ்கிரீன்ஷாட் போடுங்க." முந்தைய நாள் மாலை: வீடியோ அழைப்பு. பையில் இருக்கும் காகிதங்களை ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் ஆகும், அதற்குத் தயங்காதீர்கள். அந்த நாள்: "கவுன்டரை விட்டு வர்றதுக்கு முன்னாடி 5 பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்க." அவர் அங்கேயே நிற்கும்போது விட்டுப்போன கையெழுத்தைச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் முடியும். வீட்டுக்கு வந்தபின் சொன்னால் இன்னொரு லீவு.

ஒரு வாரமாகச் சாட்சி பெயர்கூட வரவில்லை என்றால் அடுத்த நினைவூட்டலை அனுப்பாதீர்கள், போன் போடுங்கள். நடைமுறையில் தடுமாறுபவர் கேள்வி கேட்பார்: போட்டோ எந்த அளவு, சாட்சிக்குப் பாகிஸ்தான்காரர் ஆகுமா என்றெல்லாம். கோப்பைத் திறந்தே பார்க்காமல் "பாக்கலாம், பாக்கலாம்" என்பவருடைய சிக்கல் வேறு. பங்குத் தொகையிலோ, விற்பதிலோ அவருக்கு மனக்குறை இருக்கிறது. அதற்கு எந்த மாதிரிப் பிரதியும் உதவாது. முதலில் அதைப் பேசி முடியுங்கள். ஒருவேளை அண்ணியிடம் பேசவேண்டியிருக்கும்.

7. கூரியர், பிறகு மூன்று மாதக் கடிகாரம்

ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவதைவிடக் கூரியர் நல்லது. செலவுக்காக இதைச் சொல்லவில்லை, தேதிக்காகச் சொல்கிறேன். வெளிநாட்டில் கையெழுத்தான ஆவணம் இந்தியாவுக்குள் முதலில் வந்து சேர்ந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தவேண்டும் என்கிறது இந்திய முத்திரைச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு. வந்த நாளுக்குச் சான்று கூரியர் உறையும் அதன் ரசீதும்தான். உறையைக் கிழித்து எறியாதீர்கள். ஓரத்தை மட்டும் வெட்டித் திறந்து, அப்படியே கோப்பில் வையுங்கள்.

மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் இதை அட்ஜுடிகேஷன் என்பார்கள். மனு, அசல் பவர், அதன் நகல், கூரியர் உறை, பவர் கொடுத்தவரின் பாஸ்போர்ட் நகல், ஏஜென்டின் ஆதார் ஆகியவற்றோடு ஏஜென்ட் நேரில் போகவேண்டும். தீர்வை எவ்வளவு என்பது பவரின் தன்மையையும், ஏஜென்ட் குடும்ப உறுப்பினரா வெளியாளா என்பதையும் பொறுத்து மாறும். எனவே உறவுமுறையைக் காட்டும் வாரிசுச் சான்று நகலும் கையில் இருக்கட்டும். அதிகாரி விடுப்பு, திருத்தம் கேட்டுத் திருப்புவது எல்லாம் சேர்த்து மூன்று வாரம் ஒதுக்குங்கள்.

பவர் வந்துவிட்டதே என்று பீரோவில் வைத்துவிட்டு, பதிவுக்கு முந்தைய வாரம் எடுத்துப் பார்க்கும்போது 3 மாதம் தாண்டியிருப்பது வழக்கமாக நடக்கும் விபத்து. வந்த மறுநாளே கொண்டுபோங்கள்.

8. இரண்டாவது கையெழுத்து: உயிருடன் இருப்பதற்கான சான்று

பவர் கொடுத்தவர் இறந்தால் இதுபோன்ற பவர் அத்தோடு முடிந்துவிடும். இறந்தவர் பவரை வைத்து விற்ற மோசடிகளால், தமிழ்நாட்டில் ஏஜென்ட் பத்திரம் எழுதிக்கொடுக்கும்போது, பவர் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறார் என்ற சான்றைக் கேட்கிறார்கள். அது பதிவுக்கு முந்தைய 30 நாளுக்குள் வாங்கியதாக இருக்கவேண்டும்.

இங்கேதான் புத்திசாலிகளும் மாட்டுகிறார்கள். ஒரே அலைச்சலில் முடியட்டும் என்று பவரோடு சேர்த்து செப்டம்பர் 24-ஆம் தேதியே இதையும் வாங்கிவிடுவார்கள். நவம்பர் 20-இல் அதற்கு 57 நாள் ஆகியிருக்கும், எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அக்டோபர் 25-இல் வாங்கினால் நவம்பர் 20-க்குச் சரி, ஆனால் பதிவு தள்ளி 30-க்குப் போனால் மறுபடி செல்லாது. நவம்பர் 2 அல்லது 3 என்றால் இரண்டுக்கும் பொருந்தும், தீபாவளிக்கு முன்பே கூரியரிலும் ஏறிவிடும்.

எனவே தேதிப் பட்டியலை அனுப்பும்போதே அண்ணனிடம் சொல்லிவையுங்கள்: இரண்டு முறை போகவேண்டும். பெரிய வேலை செப்டம்பர் 24, சாட்சிகளோடு. சின்ன வேலை நவம்பர் 2, அவர் மட்டும். பவர் அனுப்பியதோடு தன் வேலை முடிந்தது என்று அவர் நினைத்திருக்கும்போது, அக்டோபர் கடைசியில் "இன்னொரு சான்று வேணும்ணே" என்று போய் நின்றால் எரிச்சல்தான் வரும். சார்பதிவாளர் சொன்ன படிவத்தை நிரப்பி, கையெழுத்து இடத்துக்கு வட்டம் போட்ட மாதிரியோடு அக்டோபர் 25-இல் அனுப்புங்கள். மாதிரியின் மேலே "மொத்தம் 1" என்று எழுதுங்கள்.

9. செலவை யார் தருவது என்று முன்பே பேசிவிடுங்கள்

அங்கே சேவை மையக் கட்டணம், தூதரகக் கட்டணம், டைப்பிங், அச்சு, சாட்சிகளின் போக்குவரத்து, இரண்டு கூரியர். இங்கே வாசகம் எழுதும் கூலி, முத்திரைத் தீர்வை. பெரிய தொகை கிடையாதுதான், ஆனால் அங்கே ஆகும் எல்லாமே அண்ணன் கையிலிருந்து முதலில் போகிறது. இது வீடு விற்ற பணத்திலிருந்து பொதுவில் கழியும் என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். ரசீதுகளின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள்.

10. அக்டோபர் 1-உம் தவறிப்போனால்

மூன்றாவது தேதியை நீங்களாக இழுத்து வைக்காதீர்கள். அன்று மாலையே இரண்டு வழியையும் அவர் முன் வையுங்கள். ஒன்று, நவம்பர் 20-க்கு அவரே வந்துபோவது. நேரில் வந்தால் பவரும் வேண்டாம், முத்திரையும் வேண்டாம், சான்றும் வேண்டாம். மேலே உள்ள செலவோடு விமான டிக்கெட்டை ஒப்பிட்டால் சிலருக்கு இதுவே லாபம், அம்மாவையும் பார்த்த மாதிரி ஆகும். இரண்டு, வாங்குபவரிடம் பேசி, வங்கியில் கடன் ஒப்புதலை நீட்டிக்கக் கேட்பது. நீட்டித்துத் தருவதும் மறுப்பதும் வங்கியின் விருப்பம், வட்டியும் மாறலாம். வாங்குபவர் அந்தக் கூடுதலை விலையில் கழிக்கச் சொல்வார்.

டிக்கெட் வழியைத் தேர்ந்தால், பதிவு டோக்கனை முதலில் உறுதிசெய்துகொண்டு பிறகு டிக்கெட் எடுக்கச் சொல்லுங்கள். 20-ஆம் தேதி காலை இறங்கி அன்றே பதிவு என்று வைக்காமல், 18-ஆம் தேதியே வந்துவிடும்படி எடுக்கட்டும். அசல் பாஸ்போர்ட், ஆதார் இருந்தால் அதுவும், பான் அட்டையும் கைப்பையில் இருக்கவேண்டும்.